தணிக்கை நடுவில் வரம்பு ஏன் குறைகிறது?

சிறு நிறுவனங்களின் உரிமையாளர்களிடம் ஒரு குறை அடிக்கடி கேட்கிறது. "மே மாதம் இந்தத் தவறைக் காட்டியபோது, சின்னத் தொகைதான், குறித்துவைத்துக்கொள்கிறோம் என்றார் ஆடிட்டர். ஜூனில் வந்து அதையே திருத்தினால்தான் கையெழுத்து என்கிறார். தவறு வளர்ந்துவிட்டதா என்ன?" தவறு வளரவில்லை. அதை எந்த அளவுகோலால் அளந்தார்களோ அந்த அளவுகோல் மாறியிருக்கிறது. ஏன் மாறியது என்பதைப் பல ஆடிட்டர்கள் உட்கார்ந்து விளக்குவதில்லை. அதனால் வாக்கு மாறிவிட்டார் என்ற கசப்புதான் மிஞ்சுகிறது. அந்தமான் போன்ற இடத்தில் இந்தக் கசப்புக்குக் காரணங்கள் இன்னும் அதிகம். அங்கே உற்பத்தித் தொழிலின் லாபம் கப்பலையும் மானியத்தையும் சார்ந்திருக்கிறது. இரண்டுமே ஆண்டு முடிந்த பிறகுதான் தெளிவாகும்.

தணிக்கை அலுவலகங்களில் மெட்டீரியாலிட்டி என்று சொல்லப்படும் முக்கியத்துவ வரம்பு ஒரு தொகை. கணக்கில் உள்ள பிழைகள் தனியாகவோ ஒன்றுசேர்ந்தோ அந்தத் தொகையைத் தாண்டினால், கணக்கைப் படிப்பவரின் முடிவு மாறக்கூடும் என்று ஆடிட்டர் கருதுகிறார். இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் தணிக்கைத் தரநிலை 320 இதைப் பற்றியது. இப்போதைய வடிவில் அது 2010 ஏப்ரல் 1 முதல் தொடங்கும் கணக்காண்டுகளுக்குப் பொருந்தி வருகிறது. இதில் முதலில் மனத்தில் வாங்க வேண்டியது, வரம்பு உரிமையாளருக்காக வைக்கப்படுவதில்லை என்பது. ஒரு லட்சம் தனக்குப் பெரிதா சிறிதா என்பது அவருக்கே தெரியும். கணக்கைத் தூரத்திலிருந்து நம்ப வேண்டியவர்கள் வேறு: கடன் கொடுத்த வங்கி, நிர்வாகத்தில் இல்லாத பங்குதாரர், சரக்கைக் கடனாக அனுப்பும் சென்னை வியாபாரி. அவர்களுடைய கண்ணில் எது பெரிது என்பதே கேள்வி.

இதைப் பொதுவாகப் பேசினால் பிடிபடாது. ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். நிறுவனமும் அதன் எண்களும் விளக்கத்துக்காக நான் வைத்தவை. சுற்றியுள்ள சட்டமும் திட்டமும் உண்மையானவை. போர்ட் பிளேரை ஒட்டிய காரச்சர்மாவில் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனம். பாலிஎத்திலீன் தூள் சென்னையிலிருந்து கப்பலில் வருகிறது. அச்சில் இட்டுச் சுடவைத்துச் சுழற்றினால் தொட்டி. பங்குகள் மூன்று குடும்பங்களிடம் இருக்கின்றன. ஒரு குடும்பம் மட்டும் தொழிலை நடத்துகிறது. ஆண்டு விற்பனை ஏறத்தாழ 6 கோடி ரூபாய். 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி எவ்வளவு சிறிய கம்பெனியாக இருந்தாலும் தணிக்கை உண்டு. நாம் பார்க்கப்போவது 2016-17 கணக்காண்டு.

பிப்ரவரியில் ஆடிட்டர் திட்டமிட உட்காருகிறார். ஆண்டு இன்னும் முடியவில்லை. கையில் இருப்பது டிசம்பர் வரையிலான டிரையல் பேலன்ஸும், மீதி மூன்று மாதத்துக்கு நிர்வாகம் போட்ட மதிப்பீடும்தான். அதன்படி வரிக்கு முந்தைய லாபம் 40 லட்சம் வரும். லாபத்துக்காக நடக்கும் உற்பத்தி நிறுவனத்துக்கு வரிக்கு முந்தைய லாபத்தில் 5 சதவீதம் என்பதைத் தரநிலை ஓர் எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. விதியாகச் சொல்லவில்லை, சூழ்நிலைக்கு ஏற்பக் கூடலாம், குறையலாம். ஆனாலும் பெரும்பாலானவர்கள் அங்கேதான் தொடங்குகிறார்கள். 40 லட்சத்தில் 5 சதவீதம் 2 லட்சம்.

லாபத்தை அடிப்படையாக எடுத்ததே சரியா என்று இங்கே ஒரு கணம் நிற்க வேண்டும். சிறு நிறுவனங்களில் உரிமையாளர் லாபத்தின் பெரும்பகுதியைச் சம்பளமாக எடுத்துக்கொள்வதுண்டு. ஆண்டுதோறும் லாபம் பெயரளவுக்கே நிற்கும். ஐம்பதாயிரம் லாபம் காட்டும் கம்பெனிக்கு 5 சதவீதம் போட்டால் 2,500 ரூபாய் வரும். அதை வைத்து யாரும் தணிக்கை செய்ய முடியாது. அத்தகைய இடத்தில் இயக்குநர் சம்பளத்தையும் வரியையும் கழிப்பதற்கு முந்தைய லாபத்தை எடுக்கலாம் என்று தரநிலையே சொல்கிறது. நம் நிறுவனத்தில் இயக்குநர்கள் 24 லட்சம் எடுக்கிறார்கள். அதைக் கூட்டி 64 லட்சத்துக்குக் கணக்குப் போட்டால் வரம்பு 3.2 லட்சமாக உயரும், வேலை குறையும், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் இங்கே லாபம் பெயரளவுக்கானது இல்லை. நிர்வாகத்தில் இல்லாத இரண்டு குடும்பங்கள் பார்ப்பது சம்பளம் போன பிறகு மிஞ்சும் லாபத்தைத்தான். ஆகவே 2 லட்சமே சரி.

இந்த 2 லட்சத்தை வைத்து நேரடியாக வேலையில் இறங்குவதில்லை. ஆடிட்டர் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. பார்க்காத பகுதியிலும் பிழைகள் இருக்கும், சிறியவை சேர்ந்து பெரிதாகும். அதற்கு இடம் விட்டு, சோதனைக்கென்று இன்னும் தாழ்ந்த ஒரு தொகையை வைக்கிறார். இதை வேலை வரம்பு என்று வைத்துக்கொள்வோம். நடைமுறையில் பொதுவாக மொத்த வரம்பில் பாதிக்கும் முக்காலுக்கும் இடையே இது இருக்கும். கட்டுப்பாடுகள் நன்றாக இருந்து, சென்ற ஆண்டு பிழைகள் குறைவாக இருந்தால் முக்கால் பக்கம் போகலாம். நம் நிறுவனத்தில் ஸ்டாக் பதிவேட்டை எழுதுவதும் கிடங்கைப் பூட்டுவதும் ஒரே ஆள். சென்ற ஆண்டும் சரக்கிருப்பில் வித்தியாசம் வந்தது. ஆகவே 60 சதவீதம், 1.2 லட்சம். இதற்கும் கீழே இன்னொரு கோடு உண்டு. பத்தாயிரத்துக்கு உட்பட்ட பிழைகளைப் பட்டியலில்கூடச் சேர்ப்பதில்லை என்று ஆடிட்டர் முடிவு செய்கிறார்.

இந்த எண்கள் கோப்பில் தூங்குவதில்லை. யாருக்குக் கடிதம் போகிறது என்பதைத் தீர்மானிக்கின்றன. நிறுவனத்துக்குப் பணம் தரவேண்டியவர்கள் 60 பேர், மொத்தம் 80 லட்சம். 1.2 லட்சத்துக்கு மேல் பாக்கி வைத்திருப்பவர் அனைவருக்கும் உறுதிக்கடிதம். மற்றவர்களில் சிலருக்கு மட்டும் மாதிரிச் சோதனை. செலவு வவுச்சர்களிலும் இதே கதைதான். வரம்பு உயர்ந்தால் பார்க்கும் காகிதம் குறையும், தாழ்ந்தால் கூடும். தொழிற்சாலையின் கணக்காளர் எத்தனை நாள் ஆடிட் ஆட்களுக்குக் கோப்பு எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பதுவரை இதில் அடங்கியிருக்கிறது.

இப்போது மே மாதம். கணக்கு முடிந்திருக்கிறது, லாபம் எதிர்பார்த்தபடி 40 லட்சம். அதில் 16 லட்சம் "இதர வருமானம்". தாளைப் புரட்டினால், சரக்குக் கட்டண மானியமாக மத்திய அரசிடமிருந்து வரவேண்டியது என்று மார்ச் 31 தேதியிட்ட ஒரே ஒரு பதிவு.

தீவுகளில் இது வழக்கமில்லாத விஷயமே இல்லை. மூலப்பொருளும் முடிந்த சரக்கும் கடல் தாண்டும் செலவை ஈடுசெய்ய 1971-லிருந்தே மத்திய அரசின் போக்குவரத்து மானியத் திட்டம் இருந்தது. அதன் இடத்தில் 2013-இல் சரக்குக் கட்டண மானியத் திட்டம் வந்தது. மலை மாநிலங்கள், வடகிழக்கு ஆகியவற்றோடு அந்தமானும் லட்சத்தீவும் அதில் அடங்கின. அந்தத் திட்டம் 2016 நவம்பர் 22 முதல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன் திட்டத்தில் பதிவு பெற்ற யூனிட்டுகளுக்கு மட்டும் பலன் தொடர்ந்தது. ஆடிட்டர் பதிவுச் சான்றைக் கேட்கிறார். வருவது ஒரு விண்ணப்பத்தின் நகல். பதிவு கிடைக்கவில்லை. விண்ணப்பம் போனதால் பணம் வந்துவிடும் என்று நம்பிக் கணக்காளர் வருமானத்தில் சேர்த்துவிட்டார். அரசு மானியங்களுக்கான கணக்குத் தரநிலை 12 இதை அனுமதிக்காது. நிபந்தனைகளை நிறுவனம் நிறைவேற்றும், மானியத்துக்கு உரிமை ஏற்பட்டுவிட்டது, பணம் வந்து சேர்வதும் ஏறத்தாழ நிச்சயம் என்ற நிலை வந்த பிறகே மானியம் வருமானமாக முடியும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதைப் பிப்ரவரியிலேயே பிடித்திருக்கலாம். முந்தைய இரண்டு ஆண்டுகளின் லாபம் 21 லட்சம், 24 லட்சம். இந்த ஆண்டு மதிப்பீடு மட்டும் 40 லட்சம். விற்பனை அந்த அளவுக்கு ஏறவில்லை. மதிப்பீட்டைப் பழைய ஆண்டுகளோடு ஒப்பிட்டு, கூடுதல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருந்தால் மானியம் அன்றே மேசைக்கு வந்திருக்கும்; திட்டம் நிறுத்தப்பட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. திட்டமிடும்போது நிர்வாகம் கொடுத்த எண்ணை அப்படியே வாங்கி 5 சதவீதம் போடுவதுதான் இந்த வேலையில் நான் காணும் மிகப் பரவலான பலவீனம்.

மானியத்தை நீக்க நிர்வாகம் ஒப்புக்கொள்கிறது. லாபம் 24 லட்சத்துக்கு இறங்குகிறது. உண்மையான முடிவு, வரம்பு வைத்தபோது எதிர்பார்த்ததிலிருந்து பெரிதும் விலகினால் வரம்பைத் திருத்த வேண்டும் என்பது தரநிலை 320. 24 லட்சத்தில் 5 சதவீதம் 1.2 லட்சம். நேற்றுவரை வேலை வரம்பாக இருந்த தொகை இன்று மொத்த வரம்பு. அதன் 60 சதவீதமான 72,000 ரூபாய் புதிய வேலை வரம்பு; அற்பப் பிழைக்கான கோடும் ஆறாயிரத்துக்கு வருகிறது.

எண்ணைத் தாளில் திருத்திவிட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பது இங்கே நேரும் பெரிய தவறு. வரம்பு தாழ்ந்தால், ஏற்கெனவே செய்த சோதனைகள் போதுமா என்று திரும்பிப் பார்க்க வேண்டும் என்று தரநிலை தனியாகவே கேட்கிறது. 72,000-க்கும் 1.2 லட்சத்துக்கும் இடையில் பாக்கி வைத்திருப்பவர்கள் நம் கணக்கில் 11 பேர். முன்பு அவர்கள் மாதிரிச் சோதனைக் கூட்டத்தில் கலந்திருந்தார்கள். இப்போது ஒவ்வொருவருக்கும் கடிதம் போக வேண்டும், அல்லது மார்ச்சுக்குப் பிறகு அவர்கள் கட்டிய பணத்தை வங்கிக் கணக்கில் தேடிப் பார்க்க வேண்டும். மாதிரிகளின் எண்ணிக்கையும் கூடும். கோப்பில் வரம்பு 1.2 லட்சம் என்று இருந்து, சோதனைத் தாள்கள் எல்லாம் பழைய தொகையிலேயே நின்றால், அந்தத் தணிக்கை உண்மையில் திருத்தப்படவே இல்லை. மேலிருந்து பரிசீலிப்பவர் முதலில் பார்க்க வேண்டிய இடமும் அதுதான்.

இனி உரிமையாளரின் கோபத்துக்கு வருவோம். மே மாதத்துக்குள் ஆடிட்டர் மூன்று பிழைகளைக் குறித்துவைத்திருந்தார். கசியும் தொட்டிகள் சில நல்ல சரக்கின் விலையிலேயே இருப்பில் ஏறியிருந்தன: 70,000 ரூபாய் அதிகம். புதிய அச்சு ஒன்றுக்குத் தேய்மானம் குறைவாகப் போடப்பட்டது: 48,000. மார்ச் மாத மின்கட்டணத்துக்கு ஒதுக்கீடு இல்லை: 35,000. மூன்றும் லாபத்தை ஒரே பக்கம், மேலே தூக்குகின்றன. கூட்டினால் 1,53,000. வரம்பு 2 லட்சமாக இருந்தபோது இவை திருத்தப்படாமலே போயிருக்கலாம். அன்று ஆடிட்டர் சொன்னது அந்த அளவில் சரி. வரம்பு 1.2 லட்சமான பிறகு கூட்டுத்தொகை கோட்டைத் தாண்டி நிற்கிறது. திருத்தாத பிழைகளை எடைபோடுவதற்கு முன் வரம்பு இன்னும் பொருந்துகிறதா என்று மறுபடி பார்க்கச் சொல்கிறது தணிக்கைத் தரநிலை 450. இந்த வரிசை முக்கியம்: முதலில் வரம்பு, பிறகு பிழைகள். மாற்றிச் செய்தால், பிழைகளின் கூட்டுத்தொகையைப் பார்த்துவிட்டு அதை விழுங்கும் அளவுக்கு ஒரு வரம்பைத் தேடும் சபலம் வரும்.

உரிமையாளர் இப்படிக் கேட்கலாம்: "அந்த மூன்றையும் திருத்தினால் லாபம் இன்னும் குறையுமே, மறுபடி 5 சதவீதம் போடுவீர்களா?" நியாயமான கேள்விதான். திருத்தினால் லாபம் 22.47 லட்சம், 5 சதவீதம் சுமார் 1.12 லட்சம். 1.2 லட்சத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் எந்த வாசகரின் முடிவையும் மாற்றாது. பெரிய விலகலுக்குத்தான் திருத்தம். ஒவ்வொரு பதிவுக்கும் பின்னால் ஓடினால் தணிக்கை முடியவே முடியாது. மாறாக, லாபம் கடைசியில் கூடிவிட்டால்? கொள்கையளவில் வரம்பை உயர்த்தலாம். ஆனால் செய்த சோதனைகள் ஏற்கெனவே கூடுதல் கண்டிப்போடு நடந்தவை. உயர்த்துவதால் மிச்சமாகும் வேலை அநேகமாக எதுவும் இல்லை. கண்டுபிடித்த பிழையைக் கரைக்கவென்றே உயர்த்துவது தவறு. நான் உயர்த்தமாட்டேன்.

சில நேரங்களில் தொகை மட்டும் மாறாமல் அடிப்படையே பெயர்ந்துவிடுகிறது. அந்தமானின் மரத்தொழில் அதற்குச் சாட்சி. கோதவர்மன் வழக்கில், சேகர் சிங் ஆணையத்தின் அறிக்கைக்குப் பின் 2002 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு, தீவுகளில் மரம் வெட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. காட்டு மரத்தை நம்பியிருந்த ஆலைகளுக்கு மூலப்பொருளே கேள்விக்குறி ஆனது. தேதியைக் கவனியுங்கள். மார்ச் 31-இல் முடிந்த கணக்குகளின் மேல் தணிக்கை நடக்கும் பருவம் அது. அப்படியொரு ஆலையின் கணக்கைக் கையில் வைத்திருக்கும் ஆடிட்டருக்குச் சென்ற ஆண்டு லாபத்தின் 5 சதவீதம் எதைச் சொல்லும்? வங்கி அப்போது லாபத்தைப் பார்ப்பதில்லை. இயந்திரம் என்ன விலை போகும், கிடக்கும் மரக்கட்டை எவ்வளவு பெறும், தொழிலாளர்களுக்குத் தரவேண்டியது எவ்வளவு என்று பார்க்கிறது. தொழில் தொடர்ந்து நடக்குமா என்ற கேள்வி ஒரு பக்கம் எழுகிறது. வரம்பின் அடிப்படையும் லாபத்திலிருந்து நிகரச் சொத்துக்கோ மொத்தச் சொத்துக்கோ நகர வேண்டியிருக்கிறது. லாபமே நட்டமாக மாறும் சாதாரண ஆண்டுகளிலும் இதே சிக்கல் சிறிய அளவில் வரும்.

தொகையைத் தாண்டியும் ஒன்று இருக்கிறது. தீவு நிறுவனங்களில் அது ஆண்டுதோறும் வரக்கூடியது. நம் நிறுவனத்துக்கு 9 லட்சம் ரூபாய்த் தூள் மார்ச் 29 அன்று சென்னைத் துறைமுகத்தில் கப்பலில் ஏறியது. ஒப்பந்தப்படி கப்பலில் ஏற்றியதுமே சரக்கு வாங்குபவருடையது. போர்ட் பிளேரில் அது இறங்கியது ஏப்ரலில். கணக்காளர் ஏப்ரலில்தான் பதிந்தார். கொள்முதலும் விடுபட்டது, இருப்பும் விடுபட்டது. லாபத்தில் ஒரு ரூபாய்கூட மாற்றம் இல்லை. "லாபத்தைத் தொடவில்லையே, விட்டுவிடலாமே" என்பார்கள். சொத்திலும் கடனிலும் மட்டும் இருக்கும் சில பிழைகள், இருப்புநிலைக் குறிப்பில் அந்த இனத்தின் அளவோடு ஒப்பிட்டால் சிறியவையாகவும் முக்கிய விகிதங்களைத் தொடாதவையாகவும் இருந்தால், வரம்பைவிடப் பெரிதானாலும் முக்கியமல்ல என்று கருத இடமுண்டு. இங்கே அந்த இடம் இல்லை. வங்கியின் கடன் நிபந்தனை, நடப்புச் சொத்து நடப்புக் கடனைப்போல் 1.33 மடங்கு இருக்க வேண்டும் என்கிறது. மானியத்தை நீக்கி, மற்ற பிழைகளையும் திருத்திய பிறகு, நடப்புச் சொத்து 1.61 கோடி, நடப்புக் கடன் 1.20 கோடி. விகிதம் 1.34, தப்பிவிட்டது. கப்பலில் இருந்த தூளை இரு பக்கமும் சேர்த்தால் 1.70 கோடி, 1.29 கோடி. விகிதம் 1.32. நிபந்தனை முறிந்தது. லாபத்தைத் தொடாத அந்தப் பதிவுதான் இந்தக் கணக்கில் வங்கிக்கு மிகவும் தேவைப்படும் செய்தி. 9 லட்சத்துக்குப் பதில் தூளின் மதிப்பு இன்னும் குறைவாக இருந்து, விகிதம் அதே கோட்டுக்குக் கீழே சரிந்திருந்தாலும் முடிவு இதேதான்.

ஆடிட்டர் இதையெல்லாம் கோப்பில் எழுதிவைக்க வேண்டும்: பிப்ரவரியில் எந்த எண், ஏன் லாபம் அடிப்படை, ஏன் 60 சதவீதம், மே மாதம் எந்தக் காரணத்தால் மாறியது, மாறிய பிறகு எந்தச் சோதனைகள் கூடுதலாக நடந்தன. உரிமையாளரிடம் வரம்பின் தொகையைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றில்லை. முன்கூட்டிச் சொன்னால் எதைச் சோதிப்பார்கள், எதை விட்டுவிடுவார்கள் என்று ஊகிக்க வழி ஏற்படும் என்பதால் பலர் சொல்வதில்லை. ஆனால் அது திருத்தத்துக்கு உட்பட்டது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடலாம். அதில் இழப்பதற்கு எதுவும் இல்லை.

நம் நிறுவனத்தின் இயக்குநர்கள் கடைசியில் கசியும் தொட்டிகளையும் மின்கட்டணத்தையும் சரிசெய்கிறார்கள், தூளையும் கணக்கில் கொண்டுவருகிறார்கள். அச்சின் தேய்மானத்தில் மட்டும் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்கிறோம் என்று நிற்கிறார்கள். ஆடிட்டர் திருத்தச் சொல்லிக் கேட்கத்தான் வேண்டும், கேட்கிறார், அவர்கள் மறுக்கிறார்கள். 48,000 ரூபாய் 1.2 லட்சத்துக்கு உள்ளே இருக்கிறது. எந்த விகிதத்தையும் கோட்டுக்குக் கீழே தள்ளவில்லை. தேய்மானத்தை மறைக்கும் நோக்கமும் தெரியவில்லை. கருத்தில் மாற்றம் இல்லாமல் கையெழுத்திடலாம். அந்தப் பிழை ஒரு தாளில் தொகையோடு எழுதப்பட்டு, திருத்தாமல் விட்டது முக்கியமானது அல்ல என்று தாங்கள் நம்புவதாக இயக்குநர்கள் தரும் உறுதிமொழிக் கடிதத்தோடு இணைகிறது. 2017-18 தணிக்கை தொடங்கும்போது ஆடிட்டர் முதலில் அந்தத் தாளை எடுப்பார். தேய்மானக் குறைவு அடுத்த ஆண்டும் தொடர்ந்தால் அது 48,000-இல் நிற்காது.